வேகம் குறைந்த அலை ஏன் உயர்ந்தது? ஓர் ஆச்சியின் கேள்வியும் ஒரு தகரத் தொட்டியும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில், நாற்பது பேர் கூடியிருந்த சிறு கூட்டத்தில் சுனாமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடிவரும் அலை, கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடும் என்று சொன்னபோது, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் இடைமறித்தார். "தம்பி, ஓடி வர்றவன் வேகம் கொறஞ்சா வீரியமும் கொறயணுமில்ல? அதெப்படி மெதுவா வந்து ஆளை அடிக்கும்?"

கடல்மட்டத்தை அளக்கும் அலைமானிகளின் பதிவுகளைப் படிப்பதே பல ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. இந்த ஐயத்தை அந்த ஆச்சி கேட்ட அளவுக்கு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. கடலிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நமக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்கள் இவை. இன்றும் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இராமேசுவரத்துக்கும் குடும்பத்தோடு போய்க் கடலில் இறங்கி முழுகுகிறோம். கடலோரத்தில் பிறந்தவருக்குத் தண்ணீரின் போக்கு தெரியும்; விருந்தாளியாய்ப் போகிற நமக்குத்தான் தெரியாது.

முதலில் அலை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். சுமத்ராவிலிருந்து நிக்கோபார், அந்தமான் தீவுகளின் மேற்குப் பக்கமாக வடக்கே போகும் ஒரு நீண்ட ஆழ்கடல் அகழி இருக்கிறது. அங்கே இந்தியப் புவித்தட்டு, எதிரே இருக்கும் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் வழுக்கிக்கொண்டு போனால் தொல்லை இல்லை. உராய்வினால் அவை ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. கீழே போகும் தட்டு, மேலே இருக்கும் தட்டின் விளிம்பையும் தன்னோடு கீழே இழுத்து வளைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த வளைவு, பிடி விட்டதும் சில நிமிடங்களில் நிமிர்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6.29 மணியளவில் சுமத்ராவின் வடமேற்கே தொடங்கிய பிளவு, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கு நோக்கி ஓடியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1.

இதில் கவனிக்க வேண்டியது நடுக்கத்தை அல்ல, கடலடித் தரை மேலெழுவதைத்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு பரப்பு சில மீட்டர் உயர்கிறபோது, அதன்மேல் நிற்கும் நீருக்கு ஓரமாக ஒதுங்கிப் போக நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அடித்தரை எந்த வடிவத்தில் எழுந்ததோ, கடலின் மேற்பரப்பும் ஏறத்தாழ அதே வடிவத்தில் மேடாகிறது. பிறகு அந்த மேடு தன் பாரத்தால் சரிந்து இரு புறமும் பரவத் தொடங்குகிறது. சுனாமி என்பது அந்தப் பரவல்தான். தரை மேலெழாமல் பக்கவாட்டில் மட்டும் உராய்ந்து நகர்ந்தால் நீர் பெரிதாக இடம்பெயராது. 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகலில் அதே வட்டாரத்தில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது; தமிழகக் கடற்கரையிலும் எச்சரிக்கை விடப்பட்டது; ஆனால் வந்தது மிகச் சிறிய அலை. பக்கவாட்டு நகர்வு என்பதே காரணம். "அன்று சும்மா பயமுறுத்தினார்கள்" என்று சொல்பவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். நகர்வின் வகை உறுதியாகத் தெரியும் முன்பே எச்சரிக்கையை விட்டாக வேண்டும், ஏனென்றால் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை அலை காத்திருக்காது.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். கூட்டங்களுக்கு நான் ஒரு தகரத் தொட்டியை எடுத்துப் போவதுண்டு: ஆறடி நீளம், ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம். அதில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை விரலளவு தூக்கி மெதுவாக இறக்கினால், நீர் ஒரு முனைக்கும் மறு முனைக்குமாக அலைந்தாடும். அன்று ஆச்சியின் பேரனிடம் கைப்பேசிக் கடிகாரத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். பத்து முறை கடக்க ஏறத்தாழ 29 விநாடி ஆயிற்று. பிறகு பதினாறு சென்டிமீட்டருக்குத் தண்ணீரை உயர்த்தி மறுபடி எண்ணியபோது பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிட்டது. ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகிறது. இதையே வாய்பாடாக எழுதினால்:

v = √(g × h)

இதில் v அலையின் வேகம், g புவியீர்ப்பு முடுக்கம், h நீரின் ஆழம். அலை எவ்வளவு உயரம், எவ்வளவு பலமாகக் கிளம்பியது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆழம் ஒன்றே வேகத்தைத் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; நூறு மீட்டர் ஆழத்தில் 113; பத்து மீட்டர் ஆழத்தில் 36.

தொட்டிக்கும் வங்கக்கடலுக்கும் என்ன ஒப்பு என்று கேட்கலாம். சுனாமியின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு இருநூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். கடலின் ஆழமோ நான்கு கிலோமீட்டர்கூட இல்லாத இடங்களே மிகுதி. நீளத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம், ஆறடித் தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் நீர் இருப்பதற்குச் சமம். நமக்கு ஆழ்கடலாய்த் தெரிவது, அந்த அலைக்குத் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்தான். காற்றினால் எழும் சாதாரண அலை மேல்மட்ட நீரை மட்டும் அசைத்துவிட்டுப் போகும். சுனாமி அடித்தரை வரைக்கும் உள்ள முழு நீரையும் அசைத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் அடித்தரை மேலேறும்போது அதன் வேகம் கட்டுப்படுகிறது.

அப்படிக் கட்டுப்படும்போது என்ன நடக்கும்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வரிசையின் முன்பக்கம் குறுகலான இடத்தில் வேகம் குறைந்ததும், பின்னால் வருபவர்கள் அதே நடையில் வந்து நெருங்கிவிடுகிறார்கள். ஒரு கல் தொலைவுக்கு நீண்டிருந்த கூட்டம் ஓர் ஊருக்குள் அடங்கிவிடுகிறது. அலையின் முன்பகுதி ஆழம் குறைந்த நீரில் தயங்கும்போது, பின்பகுதி இன்னும் ஆழமான நீரில் விரைந்து வருகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முகடு வரும் ஓர் அலையை எடுத்துக்கொண்டால், 4,000 மீட்டர் ஆழத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் அது 12 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. இருபதில் ஒரு பங்கு.

ஆச்சி சொன்ன வீரியம் என்பது அலை சுமந்துவரும் ஆற்றல். அது வழியில் பெரும்பாலும் செலவாவதில்லை. முன்பு 240 கிலோமீட்டரில் பரவியிருந்த அதே ஆற்றல் இப்போது 12 கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும்; அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டர் கடலிலும் இருக்கும் ஆற்றல் இருபது மடங்காகிறது. அந்த ஆற்றல் அலை உயரத்தின் இருபடிக்கு ஏற்ப அமைவதால், உயரம் இருபது மடங்கு கூடுவதில்லை. இருபதின் வர்க்கமூலமாகிய நாலரை மடங்குக்குச் சற்றே குறைவாகக் கூடுகிறது. "நீளம் சுருங்கியதால் தண்ணீர் மேலே பிதுங்குகிறது" என்று மட்டும் விளக்குபவர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். அந்தக் கணக்கில் இருபது மடங்கு உயர வேண்டும், கடலில் அப்படி நடப்பதில்லை.

2004இல் நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக வங்கக்கடலின் மேலே கடந்தது. அது அளந்த அலையின் உயரம் அறுபது சென்டிமீட்டர் அளவுதான். பத்து நிமிடத்தில் அறுபது சென்டிமீட்டர் ஏறி, அடுத்த பத்து நிமிடத்தில் இறங்கும் கடலை, ஆழ்கடலில் படகில் இருப்பவர் உணரவே முடியாது. அந்த அறுபதை நாலரையால் பெருக்கினால், பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது இரண்டேமுக்கால் மீட்டருக்கு அருகில் வருகிறது. நாகப்பட்டினம் கடலோரத்தில் பல இடங்களில் நீர் ஏறிய உயரம் மூன்று முதல் ஐந்து மீட்டர். கணக்கு ஓர் எல்லை வரைக்கும்தான் செல்லும் என்பதை இது காட்டுகிறது. அலையின் உயரம் ஆழத்தோடு ஒப்பிடத்தக்க அளவு ஆனதும் இந்த எளிய வாய்பாடு கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு கரையின் சரிவும், ஆற்று முகமும், மணல்மேடும், கட்டடங்களுக்கிடையே இருக்கும் சந்தும் முடிவு செய்கின்றன. நம் பக்கத்துத் தொண்டிக் கடல் அன்று நாகையைப் போல அடிபடாததற்கு, இலங்கை குறுக்கே நின்றதும் பாக் நீரிணைப் பகுதி ஆழமற்றுக் கிடப்பதும் காரணங்கள்.

"சரி, மெதுவா வருதுன்னா ஓடிப் போயிடலாமே" என்றார் பேரன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நூறு மீட்டரைப் பத்து விநாடியில் கடக்கும் வேகம்; உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்கள் காலணி மாட்டி, நேர்ப்பாதையில் ஓடும் வேகம் அது. மணலில், கையில் பிள்ளையோடு ஓடுபவரின் வேகம் அல்ல. மெதுவானது என்று நாம் சொல்வதெல்லாம் ஆழ்கடலோடு ஒப்பிட்டுத்தான். தவிர, பின்னால் வருவது பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள நீர். சாதாரண அலைபோல் வந்த கையோடு திரும்பாது, பல நிமிடங்கள் விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் அன்று சொன்னேன், ஏனென்றால் தவறான பாடம் ஒன்று ஊரில் பரவியிருக்கிறது. கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வரும் என்று பலர் நம்புகிறார்கள். நிமிரும் தட்டின் அகழிப் பக்க விளிம்பு உயர்கிறபோது, அதன் பின்பக்கம் தாழ்கிறது. 2004இல் உயர்ந்த பக்கம் இந்தியாவை நோக்கி இருந்தது, தாழ்ந்த பக்கம் தாய்லாந்தை நோக்கி இருந்தது. ஆகவே தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. நமக்கோ முதலில் முகடே வந்து சேர்ந்தது. அதே அகழியில் மறுபடி பிடி விட்டால், நம் கரையில் உள்வாங்கலை எதிர்பார்த்து நிற்பவருக்கு அந்த அடையாளம் கிடைக்காமலே போகலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த நடுக்கமும் காலுக்கடியில் தெரியாமல் போகலாம். 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையத்தின் செய்திதான் நமக்கு உறுதியான அடையாளம். சுமத்ராவிலிருந்து வரும் அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் உண்டு.

பேச்சு முடிந்து காப்பி வந்தது. டம்ளரைக் கீழே வைத்த ஆச்சி, தண்ணீர் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருப்பதைக் காட்டி, "இது எப்பத்தான் அடங்கும்?" என்றார். 2004 சுனாமியின் அலைமானிப் பதிவுகளில் ஆட்டம் ஒரு நாளுக்கு மேலாகத் தெரிந்தது என்றேன். முதல் அலை வடிந்ததும் வலையையும் பாத்திரத்தையும் எடுக்கக் கரைக்குத் திரும்பியவர்களை, அடுத்தடுத்து வந்த அலைகள் கொண்டுபோயின.