ரூபாய் சரிந்தால் நிலவாகை வியாபாரிக்கு லாபமா?

டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற எண் ஏறும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும்: "தூத்துக்குடி ஏற்றுமதிக்காரங்களுக்கு நல்ல காலம்தான்." பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு எண் போதாது. அதோடு இரண்டு நாடுகளின் விலைமட்டங்களும் வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவதுதான் உண்மை மாற்று விகிதம். பத்திரிகையில் தினமும் வருவது பெயரளவு மாற்று விகிதம் மட்டுமே.

இதைப் புரிந்துகொள்ள நம்ம சீமையிலேயே ஒரு நல்ல சரக்கு இருக்கிறது: நிலவாகை. மலச்சிக்கலுக்கான மருந்தாக உலகம் முழுக்க விற்கும் சென்னா இலையும் காயும் இதுதான். பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் கரிசலிலும் செம்மண்ணிலும் மானாவாரியாக விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியதால், மருந்துச் சந்தையில் இதற்கு டின்னெவெலி சென்னா என்றே பெயர். இதற்குப் போட்டியாக நிற்பது அலெக்சாண்டிரியா சென்னா. எகிப்து, சூடான் பக்கத்துச் சரக்கு. மருந்துகளின் தரத்தை வகுக்கும் ஐரோப்பிய மருந்து நூல், காயைப் பொறுத்தவரை இரண்டையும் தனித்தனியாகவே வரையறுத்து வந்தது. ஆக, வாங்குபவர் ஒருவர், விற்பவர்கள் இரண்டு நாட்டார். மாற்று விகிதத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியான களம் கிடைக்காது.

முதலில் சூத்திரம்:

உண்மை மாற்று விகிதம் = பெயரளவு விகிதம் × வெளிநாட்டு விலைமட்டம் ÷ உள்நாட்டு விலைமட்டம்

இதில் பெயரளவு விகிதம் என்பது ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று எழுதப்படும் எண். 2021-இல் அதன் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 73.9 ரூபாய், 2024-இல் 83.7. டாலர் 13 சதவீதம் ஏறியிருக்கிறது. விலைமட்டத்துக்கு நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாட்டுக்கும் 2021-ஐ 100 என்று வைத்தால், 2024-இல் இந்தியக் குறியீடு சுமார் 118, அமெரிக்கக் குறியீடு சுமார் 116. அந்த மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவிலும் விலைவாசி வழக்கத்துக்கு மாறாக ஏறியதால்தான் இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன.

இனி பெருக்கி வகுக்க வேண்டியதுதான். 2021-இல் 73.9 × 100 ÷ 100, அதாவது 73.9. 2024-இல் 83.7 × 116 ÷ 118, அதாவது ஏறக்குறைய 82.3. உண்மை விகிதம் சுமார் 11 சதவீதம் ஏறியிருக்கிறது. டாலர் கண்ட 13 சதவீத ஏற்றத்தில் கொஞ்சத்தை நம் பணவீக்கம் தின்றுவிட்டது, பெரும்பகுதி தங்கிவிட்டது. அமெரிக்கப் பொருளோடு ஒப்பிட்டால் இந்தியப் பொருள் மலிவாகியிருக்கிறது என்பது இதற்குப் பொருள்.

இந்த 11 சதவீதம் வியாபாரியின் கைக்கு எப்படி வருகிறது? ஒரு கிலோ இலையைப் பறித்து, நிழலில் உலர்த்தி, தரம் பிரித்து, துறைமுகம் கொண்டுசேர்க்க 2021-இல் 100 ரூபாய் ஆனது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். டாலரில் அது 1.35. இந்தச் செலவு பொது விலைவாசியோடு சேர்ந்தே ஏறினால் 2024-இல் 118 ரூபாய் ஆகும். வெளிநாட்டில் வாங்குபவர் பழைய 1.35 டாலரிலேயே நின்றுவிட்டால், மாற்றிய பிறகு கிடைப்பது 113 ரூபாய்தான். டாலர் 13 சதவீதம் ஏறியும் கிலோவுக்கு 5 ரூபாய் நஷ்டம்! ஆனால் அங்கேயும் விலைவாசி 16 சதவீதம் ஏறியிருக்கிறது. வாங்குபவர் அதே அளவு விலையைக் கூட்டித் தர ஒத்துக்கொண்டால் கிலோவுக்கு 1.57 டாலர், அதாவது ஏறத்தாழ 131 ரூபாய். 118 ரூபாய்ச் செலவுக்கு 131 ரூபாய் வரவு. அந்த 11 சதவீதம் இதுதான். சூத்திரத்தில் வெளிநாட்டு விலைமட்டம் ஏன் நுழைகிறது என்பதும் இங்கே தெரிந்துவிடுகிறது.

இதோடு நிறுத்தினால் நிலவாகை வியாபாரிக்கு யோகம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ யாரும் அவருக்குப் போட்டியாக நிலவாகை பயிரிடவில்லை. போட்டி எகிப்தோடு. அந்த ஊர்ப் பவுண்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2021-இல் ஒரு டாலருக்கு 15.7 எகிப்தியப் பவுண்டு. 2024-இன் சராசரி ஏறக்குறைய 45. டாலரின் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. பணவீக்கமும் சாதாரணமாக இல்லை. 2022-இல் சுமார் 14 சதவீதம், 2023-இல் 34, 2024-இல் 28. மூன்றையும் தொடர்ந்து பெருக்கினால் 100 ஆக இருந்த குறியீடு ஏறக்குறைய 196 ஆகிறது. விலைவாசி இரண்டு மடங்கு ஏறிய நாடு எப்படிப் போட்டிபோடும் என்று முதல் பார்வைக்குத் தோன்றும். சூத்திரம் வேறு சொல்கிறது: 45.3 × 116 ÷ 196 = 26.8. அதாவது 15.7-இலிருந்து 26.8, உண்மை விகிதம் 71 சதவீத ஏற்றம். விலைவாசி எவ்வளவு வேகமாக ஓடியும் நாணயத்தின் சரிவை எட்டிப்பிடிக்கவில்லை.

இதைச் சரக்கின் விலையாகவே பார்க்கலாம். 2021-இல் எகிப்து இலையும் நம் இலையும் ஒரே 1.35 டாலர் என்று வைப்போம். அங்கே அது சுமார் 21.2 பவுண்டு. உள்ளூர் விலைவாசியோடு ஏறி 2024-இல் 41.5 பவுண்டு ஆகியிருக்கும். அதை 45.3-ஆல் வகுத்தால் 0.92 டாலர். நம் இலை 118 ரூபாய், 83.7-ஆல் வகுத்தால் 1.41 டாலர். மூன்று ஆண்டுக்கு முன் சமமாக நின்ற இரண்டு சரக்கில் நம்முடையது இப்போது ஒன்றரை மடங்கு விலை. டாலருக்கு எதிராக ரூபாய் மலிவானது நிஜம்; எகிப்தியப் பவுண்டுக்கு எதிராக அதே ரூபாய் உண்மை மதிப்பில் 50 சதவீதத்துக்கும் மேல் விலையேறியதும் நிஜம். ஒரே நாணயம், ஒரே காலம், எதிர்த்திசையில் இரண்டு விடைகள். யாரோடு போட்டி என்று கேட்காமல் 'ரூபாய் போட்டித்திறனோடு இருக்கிறதா' என்று கேட்டால் விடையே கிடையாது.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எகிப்தில் 2023 மார்ச் முதல் ஓராண்டு அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு 31 பவுண்டு பக்கத்திலேயே கட்டிவைக்கப்பட்டிருந்தது. கள்ளச்சந்தையில் டாலர் அதைவிட மிக அதிகம்; 2024 ஜனவரியில் 70 பவுண்டை நெருங்கியது. கடைகளில் விலைவாசியோ கள்ளச்சந்தை டாலரைப் பார்த்து ஏறியது. ஆகவே அதிகாரபூர்வ விகிதத்தையும் உண்மையான விலைவாசியையும் ஒரே சூத்திரத்தில் போட்டால், எகிப்துச் சரக்கு இருப்பதைவிட விலையுயர்ந்ததாகக் காட்டும். 2024 மார்ச் 6-ஆம் தேதி மத்திய வங்கி கட்டை அவிழ்த்துவிட்டது. ஒரே நாளில் 31 என்பது 50 ஆனது. அன்று காகிதத்தில் எகிப்தின் போட்டித்திறன் ராத்திரியோடு ராத்திரியாகத் துள்ளியது. சந்தையில் அதில் பெரும்பங்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஒரு நாட்டின் உண்மை விகிதம் மாதக்கணக்கில் சீராக நகர்ந்து திடீரென்று படியேறினால், அங்கே இரண்டு விகிதங்கள் ஓடினவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு பலவீனம் விலைமட்டத்திலேயே இருக்கிறது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நம் நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் ஏறக்குறைய 46 சதவீத எடை இருந்தது. 2023 ஜூலையில் தக்காளி விலை கூரையேறியபோது சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனது. உடனே சூத்திரப்படி ரூபாயின் உண்மை மதிப்பும் ஏறியதாகிவிடும். தக்காளி ஏறியதால் நிலவாகை உலர்த்தும் செலவு அந்த மாதமே ஏறிவிட்டதா? இல்லை. சாப்பாட்டுச் செலவு கூலியில் எதிரொலிக்கக் காலம் பிடிக்கும், அதுவும் முழுசாக எதிரொலிக்காது. என் கணக்கில் செலவு பொது விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று வைத்தது ஒரு வசதிக்குத்தான். நிலவாகையின் செலவில் பெரிய பங்கு பறிக்கும் கூலியும் தரம் பிரிக்கும் கூலியும். நியாயமாகப் பார்த்தால் விலைக் குறியீட்டின் இடத்தில் இரண்டு நாட்டுக் கூலியையும் போட்டுக் கணக்கிட வேண்டும். தொழிற்சாலைப் பொருளுக்கு அப்படித்தான், ஒரு அலகு உற்பத்திக்கு ஆகும் கூலிச் செலவை வைத்து, பொருளாதார வல்லுநர்கள் தனியாக ஒரு உண்மை விகிதம் போடுகிறார்கள். பயிருக்கு அந்த மாதிரி நல்ல தரவு சிக்குவது கஷ்டம்.

அடிப்படை ஆண்டும் கவனிக்க வேண்டியது. 2021-ஐ 100 என்று வைத்தோமே தவிர, அன்று எகிப்துப் பவுண்டு சரியான விலையில் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. 2016 நவம்பரில் அது ஒருமுறை பாதி மதிப்பை இழந்து, அதற்கடுத்த ஆண்டு பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டி, இழந்ததில் ஒரு பங்கை உண்மை மதிப்பில் மீட்டுக்கொண்டது. 2021-இலேயே பவுண்டு கொஞ்சம் ஊதிப்போய் இருந்திருந்தால், பிறகு வந்த சரிவில் ஒரு பங்கு வெறும் சரிக்கட்டல். குறியீடு எவ்வளவு மாறியது என்று மட்டும்தான் சொல்லும்.

சரி, ரிசர்வ் வங்கி மாதாமாதம் வெளியிடுகிற உண்மை மாற்று விகிதக் குறியீடு இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா? அது 40 நாணயங்களுக்கு எதிராக ரூபாயின் உண்மை மதிப்பைக் கணக்கிட்டு, அந்தந்த நாட்டோடு நமக்குள்ள வணிகத்தின் அளவுக்கு ஏற்ப எடை போட்டுச் சராசரி எடுக்கிறது. 2015-16 தான் அதன் 100. படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: அங்கே எண் ஏறினால் ரூபாய் விலையேறியது என்று பொருள். நாம் மேலே போட்ட சூத்திரத்துக்கு நேர் தலைகீழ். இது தெரியாமல் படித்துத் தப்பாக எழுதுகிறவர்கள் பத்திரிகைகளிலும் உண்டு. 2024 நவம்பரில் அந்தக் குறியீடு 108-ஐத் தொட்டது. டாலருக்கு எதிராக ரூபாய் புதுப்புதுப் பள்ளம் கண்ட அதே நேரத்தில், கூடையில் உள்ள நாணயங்களுக்கு எதிராக அது விலையேறி நின்றது. காரணம், டாலர் அப்போது ஏறக்குறைய எல்லா நாணயங்களையும் மிதித்துக்கொண்டு ஏறியது.

நிலவாகைக்கு அந்தக் கூடையாலும் பெரிய உதவி இல்லை. எடை நேரடி வணிகத்தை வைத்துப் போடப்படுவதால், சீனாவும் அமெரிக்காவும் வளைகுடா நாடுகளும் பெரிதாக நிற்கும். எகிப்து நம்மிடம் எவ்வளவு வாங்குகிறது, விற்கிறது என்பதற்கும், ஜெர்மன் மருந்துக் கம்பெனியின் வாசலில் அது நம்மோடு எவ்வளவு மோதுகிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி தன் குறியீட்டில் இந்த மூன்றாம் சந்தைப் போட்டியையும் எடையில் சேர்க்கிறது. அதுவும் நாட்டின் மொத்தத் தொழிற்சாலைப் பொருள் வணிகத்துக்குத்தான். ஒரு இலைக்கு அல்ல.

கடைசியாக, விலை மலிவானதும் சந்தை கைமாறிவிடாது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது. சூடான் நாணயம் எவ்வளவு விழுந்தாலும், வயலிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு வந்துசேராவிட்டால் அந்த மலிவை யாரும் வாங்க முடியாது. காய்க்கு ஐரோப்பிய மருந்து நூல் கேட்டுவந்த, மலமிளக்கும் சத்தான செனோசைடின் அளவும் வேறுவேறு: அலெக்சாண்டிரியா வகைக்குக் குறைந்தது 3.4 சதவீதம், திருநெல்வேலி வகைக்கு 2.2. ஒன்றுக்காகப் பதிவுசெய்த மருந்தில் இன்னொன்றை நினைத்த மாத்திரத்தில் மாற்றிப் போட முடியாது. அதனால் ஒன்றரை மடங்கு விலை வித்தியாசம்கூட முதலில் தெரிவது விற்பனை அளவில் அல்ல, அடுத்த ஒப்பந்தம் பேசும்போது வாங்குபவர் கேட்கும் தள்ளுபடியில்தான்.