மைனஸ் பதினெட்டுல வச்சும் சூரை ஏன் திரும்பி வந்துச்சு

கோத்தகிரில எங்க மாமியார் வீட்டுக்கு வந்தா ஞாயித்துக்கிழமை மீன் வாங்குற வேலை என் தலையிலதான். தூத்துக்குடில மீன் எக்ஸ்போர்ட் கம்பெனில பதினாலு வருஷமா குவாலிட்டி கண்ட்ரோல் பாக்குறவளாச்சே, நல்ல மீனா பாத்து வாங்குவான்னு ஒரு நம்பிக்கை. போன வாரம் மேட்டுப்பாளையத்துல இருந்து மலையேறி வந்த பெட்டில சூரை இருந்துச்சு, அடியில மட்டும் கொஞ்சம் ஐஸ், மேல ஒண்ணுமே இல்ல. மேலயும் ஐஸ் போடலாமே தம்பின்னேன். "அக்கா, இங்க அடிக்கிற குளிருக்கு ஐஸ் எதுக்கு, ஊரே ஃபிரிட்ஜ் மாதிரிதான இருக்கு"ன்னு சிரிச்சாப்ல.

எனக்கு சிரிப்பு வரல. இதே நெனப்புல நாங்க ஒரு கண்டெய்னரையே தொலைச்சிருக்கோம், அந்தக் கதைய எழுதலாம்னுதான் உக்காந்தேன்.

ஐரோப்பாவுக்குப் போன ஃப்ரோசன் சூரை அது, நாப்பதடி ரீஃபர், அதாவது குளிரூட்டுற கண்டெய்னர், உள்ள டெம்பரேச்சரப் பதிவு பண்ண வச்ச டேட்டா லாகரோட கிராஃப் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி வழியெல்லாம் மைனஸ் பதினெட்டுக்குக் கீழயே இருந்துச்சு. (டிரான்ஸ்போர்ட்ல கொஞ்ச நேரம் அந்த மைனஸ் பதினெட்டுக்கு மேல மூணு டிகிரி வரைக்கும் கூடினா அவங்க சட்டத்துல மன்னிப்பு உண்டு, எங்களுக்கு அதுகூட தேவைப்படல.) ஹெல்த் சர்டிஃபிகேட் சரி, பேக்கிங் சரி, லேபிள் சரி. ஆனா துறைமுகத்துலயே நிறுத்திட்டாங்க, காரணம் ஹிஸ்டமின்.

சூரை, வஞ்சரம், அயிலை, மத்தி மாதிரி மீன்களோட சதையில ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் இயல்பாவே அதிகம். மீன் செத்து ஐஸ் இல்லாம கெடந்தா செவுள்லயும் குடல்லயும் இருக்குற பாக்டீரியா அத ஹிஸ்டமினா மாத்திடும். தின்னவங்களுக்கு கொஞ்ச நேரத்துலயே முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் தடிப்புன்னு வரும், மீன் அலர்ஜின்னு நெனச்சுப்பாங்க. இதுல மோசமான விஷயம், ஒரு தடவ உருவாகிட்டா சமைச்சாலும் போகாது, ஃப்ரீஸ் பண்ணாலும் போகாது, கேன்ல அடைச்சு வேகவச்சாலும் போகாது. நாத்தம் வந்தாதான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்னு நாம நெனைக்கிறோம்ல, அதுவும் இங்க செல்லாது, பாக்க நல்லா இருக்குற மீன்லயே நெறைய இருக்கும்.

அவங்க செக் பண்ற முறை என்னன்னா, ஒரு லாட்ல, அதாவது ஒரே நம்பர் போட்ட சரக்குல இருந்து 9 சாம்பிள் எடுப்பாங்க. சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமத் தாண்டக்கூடாது, ரெண்டு சாம்பிள் வரைக்கும் 100க்கும் 200க்கும் நடுவுல இருக்கலாம், 200க்கு மேல ஒண்ணுகூட இருக்கக்கூடாது. எங்களுதுல எட்டு சாம்பிள் சுமாரா 30, ஒண்ணே ஒண்ணு 264. கூட்டிப் பாத்தா சராசரி 56தான் வருது, ஆனாலும் லாட் மொத்தமும் ஃபெயில். நாங்க அனுப்புறதுக்கு முன்னாடி எங்க லேப்லயும் 9 எடுத்தோம், அதிகபட்சம் 38தான் வந்துச்சு. லேப் பொய் சொல்லல. ஹிஸ்டமின் எல்லா மீன்லயும் ஒரே அளவுல இருக்காது, ஒரு மீன்லயே செவுள் பக்கம் ஒரு அளவு வால் பக்கம் வேற அளவு, அதனால மோசமான அந்த நாலஞ்சு மீன் நம்ம கையில சிக்காம அவங்க கையில சிக்கலாம். டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிக்கிற சமாச்சாரமே இல்ல இது, மீன உள்ள எடுக்குற எடத்துலயே தடுக்கணும்.

அப்ப உள்ள எடுத்த எடத்துல என்ன நடந்துச்சுன்னு ரிசீவிங் ரெஜிஸ்டர எடுத்தேன். நாலு போட்டுல, அதாவது நாலு படகுல வந்த மீன் அந்த லாட்ல கலந்திருந்துச்சு. முதல் போட்டுக்கு டெம்பரேச்சர் 2.1, 1.4, 3.2, 0.8ன்னு ஏத்த இறக்கமா இருக்கு, நெசமா அளந்தா அப்படித்தான் இருக்கும். மூணாவது போட்டுக்கு பன்னெண்டு மீனுக்கும் 2.0, 2.0, 2.0... ஒரே பேனா, ஒரே சாய்வு. ஆரம்பிச்ச நேரம் 4.10, முடிச்ச நேரம் 4.15. பெரிய சூரையில முதுகெலும்பு ஒட்டி தெர்மாமீட்டர் புரோப் குத்தினா நம்பர் நிக்கவே கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆகும், அஞ்சு நிமிஷத்துல பன்னெண்டு மீன் எப்படி முடியும்? சூப்பர்வைசர் தம்பியக் கூப்பிட்டுக் கேட்டா, "அக்கா, லாரி வெளிய நின்னுட்டு இருந்துச்சு, கை வச்சுப் பாத்தேன் ஜில்லுனுதான் இருந்துச்சு"ங்குறான். அவனத் திட்டி என்ன பண்ண, அந்தப் பக்கத்துல சரிபார்த்தவர்ங்குற கட்டத்துல இருக்குறது என் கையெழுத்து.

அப்புறம் போட்டு ஆளுங்ககிட்ட விசாரிச்சதுல, ஐஸ் பத்தாம கடைசியா வந்த மீன டெக்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்திருக்காங்க, கரைக்கு வந்தப்புறம்தான் ஐஸ்ல பொதைச்சிருக்காங்க. அதனாலதான் கைக்கு ஜில்லுனு இருந்துச்சு. சூரை பிடிச்சு ஒன்பது மணி நேரத்துக்குள்ள ஐஸுக்குப் போகணும், காத்தோ தண்ணியோ 28 டிகிரிக்கு மேல இருந்தா ஆறு மணி நேரம்தான், அமெரிக்கக்காரங்க வழிகாட்டுதல் இது. அதுலயும் வலையில சிக்கி செத்த மீனுக்கு வலைய இழுக்குறப்போ இல்ல, செத்தப்பவே கணக்கு ஆரம்பிச்சிடும். அதனால ஃபேக்டரில வந்து அளக்குற டெம்பரேச்சர் பாதிக் கதைதான், மீதிக் கதை வலை விட்ட நேரம், ஐஸ் போட்ட நேரம் எழுதுன போட்டு நோட்டுலதான் இருக்கு. அந்த நோட்ட நாங்க வாங்கவே இல்ல.

சுத்தம் சுகாதாரம்னா கை கழுவுறது, தொப்பி, குளோரின் தண்ணிலயே பேச்சு முடிஞ்சிடும், ஆடிட்டர் வர்ற அன்னைக்கு எல்லாரும் அதுல ஒழுங்காத்தான் இருப்பாங்க. சூரையில எனக்கு பயம் கத்திமேலதான். குடலக் கிழிச்ச கத்திய கழுவாம அடுத்த மீன் சதையில வச்சா, அந்த பாக்டீரியாவ நாமளே கொண்டுபோய் விடுற மாதிரி.

நாலு போட்டு மீனுக்கும் ஒரே லாட் நம்பர் போட்டதால நல்லா இருந்த மூணு போட்டு மீனும் சேர்ந்தே திரும்புச்சு, அடுத்தடுத்து போன சரக்குக்கும் கூடுதல் செக்கிங், கப்பல் வாடகை ரெண்டு பக்கமும் எங்க தலையில. இப்ப ஒரு போட்டுக்கு ஒரு லாட், போட்டு நோட்டு இல்லாம சூரை எறக்குறதில்ல, தெர்மாமீட்டர தெனம் காலைல ஐஸ் கரைசல்ல விட்டு பூஜ்யம் காட்டுதான்னு பாக்குறோம். நான் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நேரத்தக் கழிச்சுப் பாக்குறேன், எத்தன மீன், எத்தன நிமிஷம்னு.

கோத்தகிரி தம்பிகிட்ட இவ்வளவு கதையா சொல்ல முடியும். ஹேண்ட்பேக்ல எப்பவும் கெடக்குற புரோப்ப எடுத்து மேல் வரிசை சூரையில குத்திக் காட்டினேன், 11.6. அடி வரிசையில 3.4. ஒரே பெட்டி. "சரிக்கா, இப்ப மேல ஐஸ் போட்டுடுறேன்"னாரு. போடுங்க, இனிமே கூடாம இருக்கும், ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து இங்க வர்றதுக்குள்ள ஏதாச்சும் உருவாகி இருந்தா அத ஐஸ் எடுத்துடாது, அந்த பாக்டீரியா விட்டுட்டுப்போன என்சைம் குளிர்லயும் கொஞ்சம் கொஞ்சமா வேலை பாக்கும்னேன். அவருக்குப் பாதி புரிஞ்சிருக்கும். சூரைய விட்டுட்டு அடியில ஐஸ்ல பொதைஞ்சு கெடந்த சங்கரா ரெண்டு எடுத்துட்டு வந்தேன், அதுல ஹிஸ்டமின் தொல்லை இல்ல. மாமியாருக்கு சூரை புட்டு கெடைக்கலன்னு ரெண்டு நாள் கோவம்.