முடிக்கோடு யாருடையது? செயற்கை நுண்ணறிவு காட்டும் புதிய சிகையலங்காரத்தைச் சரிபார்த்தல்

ஒருவரது முகப்படத்தில் வேறொருவரின் சிகையலங்காரத்தைப் பொருத்திக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் படத்தை நம்பி முடிதிருத்துநரிடம் செல்பவர்கள் பெருகிவிட்டார்கள். முகப்படங்களைத் திருத்துவதே என் தொழில் என்பதால், அத்தகைய படங்களில் நான் முதலில் பார்க்கும் இடம் நெற்றியும் கூந்தலும் சந்திக்கும் முடிக்கோடுதான். கூந்தலின் நீளத்தையும் நிறத்தையும் இக்கருவிகள் பெரும்பாலும் நன்றாகவே கொண்டுவருகின்றன. முடிக்கோட்டை மட்டும் அவை பல வேளைகளில் தாமாகவே கற்பித்துக்கொள்கின்றன.

மாதிரிப் படத்தில் கூந்தல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கருவி ஒரு மாஸ்க்காகப் பிரித்தெடுத்து, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடங்களைக் கொண்டு அதை உங்கள் முகத்தின் மேல் பொருத்துகிறது. பழைய கூந்தல் விலகி வெறுமையாகும் இடங்களை அது புதிதாக வரைந்து நிரப்ப வேண்டும். உங்கள் படத்தில் முன்முடி நெற்றியை மூடியிருந்து, மாதிரியில் கூந்தல் பின்னோக்கி வாரப்பட்டிருந்தால், உங்கள் நெற்றியின் உயரத்தைப் பற்றிய தகவல் எதுவும் கருவியிடம் இருக்காது. எனவே அது மாதிரியின் முடிக்கோட்டையே எடுத்துக்கொள்ளும், அல்லது தான் பயின்ற முகங்களின் பொதுவான வழக்கத்தை ஒட்டி ஒன்றை உருவாக்கும். முகப்படங்களை உருவாக்குவதில் பெயர்பெற்ற ஸ்டைல்கேன் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பு ஏறத்தாழ 70,000 முகப்படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அத்தனை முகங்களுக்குள்ளும் உங்கள் நெற்றி இல்லை.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். புருவம் வரை முன்முடி வைத்திருந்த ஒரு பெண், முடி முழுவதையும் பின்னால் வாரிய ஒரு தோற்றத்தை மாதிரியாகக் கொடுத்திருந்தார். கிடைத்த முடிவு மிக இயல்பாக இருந்தது. சரிபார்ப்பதற்காக, முடியை ஒரு பட்டையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முன்பு எடுத்த அதே தொலைவிலும் அதே முகச் சாய்விலும் நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். இரண்டு படங்களிலும் கருவிழிகளுக்கு இடைப்பட்ட தூரம் 240 பிக்சல் வரும்படி அளவைச் சமப்படுத்தினேன். புருவ நடுவிலிருந்து முடிக்கோடு வரையிலான உயரம் அவருடைய உண்மைப் படத்தில் 250 பிக்சலாகவும், கருவி தந்த படத்தில் 190 பிக்சலாகவும் இருந்தது. பெரியவர்களின் கருவிழிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் தூரம் இருக்கும் என்று கொண்டால், கருவி அவருடைய நெற்றியை ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்துவிட்டது. எந்த முடிதிருத்துநராலும் கத்தரியைக் கொண்டு அந்த வேறுபாட்டைக் கொண்டுவர முடியாது.

இந்த அளவீட்டை நம்புவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். முகவாயைத் தாழ்த்தினால் நெற்றி உயரமாகவும், உயர்த்தினால் குட்டையாகவும் படத்தில் தெரியும். ஆகவே புருவ நடுவிலிருந்து மூக்கின் அடி வரையிலான தூரத்தையும் இரண்டு படங்களிலும் அளக்க வேண்டும். அதுவே வேறுபட்டால் முகத்தின் சாய்வு மாறியிருக்கக்கூடும் என்பதால், நெற்றி அளவை ஒப்பிடாமல் புதிய படம் எடுப்பதே நல்லது.

நடு உயரம் ஒத்துப்போனாலும் நெற்றிப்பொட்டுகளை விட்டுவிடக் கூடாது. ஏறுநெற்றி உள்ளவர்களுக்கு அங்கேதான் கருவி தாராளமாக முடியை நிரப்புகிறது. இரு பக்கமும் உள்வாங்கிய வளைவு மறைந்து, கோடு நேராகிவிடுகிறது. உண்மைப் படத்தை மேல் அடுக்காக வைத்து, அதன் ஒளிபுகா அளவைப் பாதியாகக் குறைத்து, கண்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். பிறகு அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இயல்பான முடிக்கோட்டில் பூனைமுடிகள் ஒழுங்கின்றி மெலிந்து தோலில் கரையும். கற்பித்த கோடு பெரும்பாலும் வெட்டிவைத்தது போல் கூர்மையாகவோ, மூட்டமாக மங்கியோ இருக்கும். புதிதாக வரைந்த நெற்றியில் தோலின் நுண்துளைகள் இல்லாமல் வழவழப்பு மட்டும் இருப்பதும், முடியின் நிழல் முகத்தின் மற்ற நிழல்களோடு பொருந்தாத திசையில் கிடப்பதும் அதே சந்தேகத்தை எழுப்ப வேண்டும்.

முடியைத் தள்ளி எடுத்த படத்தைக் கருவிக்கு மீண்டும் கொடுத்தால் மட்டும் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மாதிரியின் மாஸ்க் தாழ்வாக இருந்தால் அது உண்மை நெற்றியையும் மூடிவிடும். மாஸ்க்கைத் திருத்த இடம்தரும் கருவியாக இருந்தால், அதை உண்மையான முடிக்கோடு வரை வெட்டிவிட்டுக் கலக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், வந்த முடிவின் மேல் உண்மை நெற்றியை அடுக்காக வைத்து மென்மையான தூரிகையால் மீட்டெடுக்கலாம். அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது இரண்டாவது வழி. நெற்றி தன் உயரத்துக்குத் திரும்பியதும், முழுவதும் பின்னால் வாரிய தோற்றத்தை விட்டுவிட்டு, நெற்றியின் ஓரங்களில் சில முடிக்கற்றைகளைத் தளர விடும் வடிவத்தை அவரே தேர்ந்தெடுத்தார்.