ஆர்.டி.ஓ. விசாரணை புலன் விசாரணை ஆகாது

போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தபோது, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்திருந்தது. “ஆர்.டி.ஓ. விசாரணை முடிஞ்சு போச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டாங்க, சார்” என்றார். இதே சொற்களை எத்தனை குடும்பங்கள் என்னிடம் சொல்லிவிட்டன!

மரணம் எவ்வாறு நேர்ந்தது என்று கேட்டு அறிக்கை தருவதோடு ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரின் பணி முடிகிறது; எவரையும் கைது செய்யவோ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவோ அவருக்கு அதிகாரம் இல்லை. சிவில் உரிமை அமைப்பான பி.யு.சி.எல். எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியவற்றுள் முக்கியமானவை இரண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட்டு, சி.ஐ.டி.யோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியேனும் உயர்ந்த அதிகாரியின் மேற்பார்வையில் புலன் விசாரணை நடத்த வேண்டும். ஆர்.டி.ஓ. போன்றவர் நடத்தும் நடுவர் விசாரணை இதோடு கூடுதலாக நடக்க வேண்டியதே தவிர, இதற்கு மாற்றாக அல்ல. ஆகவே, ஆர்.டி.ஓ. அழைத்தார் என்றால் நான் முதலில் கேட்பது, “எஃப்.ஐ.ஆர். யார் மீது?” என்பதுதான். பல வழக்குகளில் அது இறந்தவர் மீதே, போலீசாரைக் கொல்ல முயன்றதாகப் பதிவாகியிருக்கும்.

ஹைதராபாத் அருகே 2019 டிசம்பர் 6 அன்று நடந்ததும் அதுவே. கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதாகிக் காவலில் இருந்த நால்வர் சட்டான்பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயுதங்களைப் பறித்துச் சுட்டார்கள் என்று வழக்கும் அவர்கள் மீதே பதிவாயிற்று. உயர் நீதிமன்றம் உடல்களைப் பாதுகாக்க ஆணையிட்டதால்தான் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மறு உடற்கூராய்வு செய்ய முடிந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டதாகவும், நால்வரில் மூவர் சிறுவர்கள் என்றும் கண்டறிந்து, பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. பரிந்துரை தானாகவே வழக்காகிவிடாது. மேல் நடவடிக்கைக்காக அறிக்கை தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

அந்த உடல்கள் எரிக்கப்பட்டிருந்தால் மறு ஆய்வே நடந்திருக்காது. தயவுசெய்து, சந்தேகம் இருந்தால் அன்றிரவே தகனம் செய்ய இசையாதீர்கள். உடற்கூராய்வை இரு மருத்துவர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோவில் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும் என்று பி.யு.சி.எல். தீர்ப்பு கூறுகிறது. அறிக்கையையும் பதிவையும் எழுத்து மூலம் கேட்டு, மனு பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். சுட்ட துப்பாக்கிகள் தடய அறிவியல் ஆய்வுக்கு ஒப்படைக்கப்பட்டனவா, மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போயிற்றா என்றும் அதே மனுவில் கேளுங்கள். இந்த நடைமுறை மீறப்பட்டாலோ, விசாரணை சுதந்திரமாக இல்லை என்று கருதினாலோ, அந்தப் பகுதியின் அமர்வு நீதிபதியிடம் குடும்பமே நேரடியாகப் புகார் செய்யலாம். இதைத்தான் குடும்பங்களுக்கு எவரும் சொல்வதில்லை.

அந்தத் தாயின் மகனை இறந்த மறுநாளே எரித்துவிட்டார்கள். அமர்வு நீதிமன்றத்தில் நாங்கள் இப்போது கேட்டிருப்பது, உடற்கூராய்வின் வீடியோ பதிவை.