டிக் சத்தம் கேபிளில் இல்லை

ஒருவர் தன் பழைய டிஜிட்டல் டேப்புகளை எல்லாம் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். டேப் டெக்கின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான் இணைப்பு. பேச்சுப் பதிவுகள் சுத்தமாக வந்தன. இசை வந்தபோது நீண்ட சுரங்களின் நடுவே ஒரு மெல்லிய ‘டிக்’ கேட்டது. கேபிளை மாற்றினார், போகவில்லை. இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கினார், அதிலும் கேட்டது. மூன்றாவது கேபிளோடு என்னிடம் வந்தார்.

ஒலிப்பதிவுக் கருவிகளோடு புழங்குகிற எனக்கு இது அடிக்கடி வரும் வழக்கு. பெரும்பாலும் கேபிள் நிரபராதி. ஏன் என்று புரிய, அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குள் என்ன போகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டேப்பை நிறுத்திவிட்டு டெக்கை அணைக்காமல், கேபிளின் மறுமுனையைக் கழற்றிப் பாருங்கள். பாட்டு ஓடாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அசையாமல் எரிவதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், அது ஒரு வினாடிக்குப் பல லட்சம் தடவை அணைந்து அணைந்து எரிகிறது. நிசப்தத்தில்கூட அது துடித்தாக வேண்டும், ஏனென்றால் இந்த இணைப்பில் இருப்பது ஒரே ஓர் ஒளியிழை. கிளாக்கைத் தனியாகச் சுமக்க இன்னொரு கம்பி கிடையாது. ஒரு பிட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கும் அதே வெளிச்சத்துக்குள்ளேயே வந்தாக வேண்டும்.

1 என்றால் விளக்கு எரியட்டும், 0 என்றால் அணையட்டும் என்று வைத்துக்கொண்டால் என்ன? நிசப்தம் என்பது வரிசையாகப் பூஜ்யங்கள். விளக்கு நீண்ட நேரம் அணைந்தே கிடக்கும். அதில் இருபது பூஜ்யம் போனதா, இருபத்தொன்று போனதா என்று பெறும் பக்கத்துக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே பைஃபேஸ் மார்க் கோடிங் என்ற முறை. விதி இரண்டே வரி: ஒவ்வொரு பிட் தொடங்கும்போதும் வெளிச்சம் கட்டாயம் மாற வேண்டும். பிட் 1 என்றால் அதன் நடுவிலும் ஒரு தடவை மாற வேண்டும், 0 என்றால் நடுவில் மாறக் கூடாது.

ஆக ஒவ்வொரு பிட்டும் இரண்டு அரைகளாகப் போகிறது. `1 0 0 1 1 0` என்ற ஆறு பிட்டை அனுப்பினால் ஒளி இப்படி மாறும் (1 எரிகிறது, 0 அணைகிறது, தொடங்கும் முன் விளக்கு அணைந்திருந்தது):

```
பிட்:   1   0   0   1   1   0
ஒளி:   10  11  00  10  10  11
```

இதே ஒளியை முழுக்கத் தலைகீழாக்கினாலும் செய்தி மாறாது. `01 00 11 01 01 00` என்று வந்தாலும் அதே ஆறு பிட்தான், ஏனென்றால் பெறுகிற சிப் பார்ப்பது வெளிச்சமா இருட்டா என்பதை அல்ல, எப்போது மாறுகிறது என்பதை. கூடவே, எந்தப் பாட்டு ஓடினாலும் விளக்கு சராசரியாகப் பாதி நேரம் எரிந்திருக்கும். பெறும் முனையில் ‘இதற்கு மேல் வெளிச்சம், கீழே இருட்டு’ என்று கோடு கிழிக்கும் சுற்றுக்கு இது பெரிய உதவி.

அரைப் பிட்டின் நீளத்தை T என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள வரிசையில் ஒவ்வொரு நிலையும் ஒன்று 1T நீடிக்கிறது, இல்லையென்றால் 2T. வேறு அளவே வராது. இரண்டு குட்டித் துடிப்புகள் சேர்ந்து வந்தால் அது 1, ஒரு நீளத் துடிப்பு வந்தால் 0. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் இதை விரல் வைத்தே படித்துவிடலாம்.

ஆனால் அங்கேயே மூன்றாவது அளவு ஒன்றும் கண்ணில் படும்: 3T. அது வேண்டுமென்றே செய்யும் விதிமீறல். ஒரு சாம்பிளை, அதாவது ஒரு கணத்து ஒலியின் அளவை, சுமக்கும் பொட்டலத்தில் 32 பிட்டுக்கான இடம் உண்டு. அதில் முதல் நாலு பிட் இடத்தில் தரவு கிடையாது, ‘புதுப் பொட்டலம் தொடங்குகிறது’ என்ற அடையாளம் மட்டும்தான். 3,3,1,1 என்ற நீளங்களில் வந்தால் இடது சானல், 3,2,1,2 என்றால் வலது. இடதும் வலதுமாக இரண்டு பொட்டலங்கள் சேர்ந்தது ஒரு ஃப்ரேம். 192 ஃப்ரேமுக்கு ஒரு முறை இடது சானலின் அடையாளம் 3,1,1,3 என்று மாறும், அது பெரிய தொகுதியின் தொடக்கம். சாதாரணத் தரவில் 3T வரவே வராது என்பதால், இசைக்குள் தற்செயலாக இந்த அடையாளம் உருவாக வழியில்லை. கேபிளை ஓடும்போது பிடுங்கிச் செருகினாலும் அடுத்த 3T வந்ததும் சிப் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த வேலைப்பாடு வேறொன்று. பொட்டலத்தின் கடைசி பிட் பாரிட்டி, மொத்த 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படை ஆக்குவது அதன் வேலை. பிழை கண்டுபிடிக்க மட்டும் வைத்தது என்று நினைப்போம், ஆனால் அதற்கு இன்னொரு பலனும் உண்டு. ஒவ்வொரு 1-க்கும் நடுவில் ஒரு மாற்றம் என்பதால், 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் பொட்டலத்தின் மொத்த மாற்றங்களும் இரட்டைப்படை. எனவே ஒவ்வொரு பொட்டலமும் ஒரே திசை மாற்றத்தோடு தொடங்கும். எல்.இ.டி எரிய எடுக்கும் நேரமும் அணைய எடுக்கும் நேரமும் சமமாக இருப்பதில்லை. எப்போதும் ஒரே திசையில் மாறும் விளிம்பை வைத்துக் கிளாக்கைக் கணக்கிட்டால் அந்தக் குறை அதில் ஏறாது.

சரி, கிளாக்குக்கு வருவோம். பெறும் சிப்புக்குள் ஒரு பி.எல்.எல் சுற்று இருக்கிறது. வரும் விளிம்புகளைப் பார்த்துப் பார்த்துத் தன் வேகத்தைச் சரிசெய்துகொண்டு, அனுப்புகிற கருவியின் கிளாக்கை அப்படியே மீட்டெடுக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவில் ஒரு ஃப்ரேமுக்கு 64 பிட், ஆக வினாடிக்கு 30,72,000 பிட். T சுமார் 163 நானோ வினாடி. வேகத்தைத் தீர்மானிப்பது அனுப்புகிறவர்தான், பெறுகிறவர் பின்னால் ஓடியாக வேண்டும்.

இப்போது நம் மூன்று கேபிள்காரரின் கதை. அவருடைய இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுத் திரையில் `Clock Source` என்ற இடத்தில் `Internal` என்று இருந்தது. அதாவது ஆப்டிகல் சிப் டெக்கின் கிளாக்கை ஒழுங்காக மீட்டெடுத்துத் தரவைப் படித்துக் கொடுக்கிறது. ஆனால் அந்தத் தரவைக் கணினிக்குள் அனுப்பும் மற்ற பகுதிகள், இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் சொந்தக் கிரிஸ்டலின் தாளத்தில் ஓடுகின்றன. பெயரளவில் இரண்டும் வினாடிக்கு 48,000 சாம்பிள். நிஜத்தில் இரண்டு கிரிஸ்டல்கள் மிகச் சரியாக ஒத்துப்போவது இல்லை. ஒன்று ஒரு துளி வேகம் என்றால், அவ்வப்போது ஒரு சாம்பிள் மிஞ்சும், அல்லது ஒன்று குறையும். மிஞ்சியதைத் தூக்கி எறிவார்கள், குறைந்தால் பழையதையே திரும்பப் போடுவார்கள். அதுதான் டிக்.

இதை நிரூபிக்க 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஒரு டேப்பில் பதிந்து டெக்கிலிருந்து ஓடவிட்டு, கணினியில் பதிவுசெய்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வழவழப்பான அலையில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு சாம்பிள் காணோம். அங்கிருந்து சுமார் 0.8 வினாடி தள்ளி இன்னொன்று. அப்புறமும் அதே இடைவெளி. கணக்குப் போட்டால், வினாடிக்கு 1.25 சாம்பிள் வித்தியாசம், அதை 48,000-ஆல் வகுத்தால் பத்து லட்சத்துக்கு 26 பங்கு. சாதாரணக் கிரிஸ்டல்கள் இரண்டுக்கு இடையே இது முற்றிலும் இயல்பான வித்தியாசம். எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை. கேபிளை மாற்றியபோது அந்த இடைவெளி துளியும் மாறவில்லை, கருவிகள் சூடேறிய பிறகு கொஞ்சம் மாறியது. பேச்சில் கேட்காமல் போனதற்கும் இதுதான் காரணம். இடைவெளிகளும் இரைச்சலும் நிறைந்த ஒலியில் ஒரு சாம்பிள் தாவுவது காதில் விழாது.

`Clock Source`-ஐ `S/PDIF` என்று மாற்றினோம், இந்த ஆப்டிகல் இணைப்பில் வரும் டெக்கின் கிளாக்கையே பின்தொடரச் சொல்வது அது. ஒரு மணி நேரப் பதிவில் ஒரு தாவல்கூட இல்லை.

கேபிள் அல்லது எல்.இ.டி உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். சிப் 1T-யையும் 2T-யையும் பிரித்தறிய நடுவே 1.5T-யில் கோடு போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 81 நானோ வினாடி வரை நீண்டோ குறுகியோ போனாலும் தப்பிக்கும். 192 கிலோஹெர்ட்ஸில் T வெறும் 40.7 நானோ வினாடி, தாங்கும் அளவு 20 தான். விளக்கின் மந்தமும் பெறும் டயோடின் மந்தமும் சேர்ந்து துடிப்பின் அகலத்தைக் கெடுப்பது இந்த அளவுக்கு எளிதில் வந்துவிடும். டாஸ்லிங்க் எனப்படும் இந்த ஆப்டிகல் இணைப்பின் பழைய மாட்யூல்கள் பல, வினாடிக்கு 60 லட்சம் பிட் வரைக்கும் என்றே செய்யப்பட்டவை. 192 கிலோஹெர்ட்ஸுக்கு 122 லட்சத்துக்கு மேல் வேண்டும். ஓரிரு மீட்டர் பிளாஸ்டிக் இழை இதில் பெரிய தடை இல்லை. ஆனால் அதைச் சுருக்கென மடித்தாலோ முனையில் தூசி படிந்தாலோ வெளிச்சம் குறைந்து, துடிப்பு அகலம் இன்னும் கோணும்.

அப்படி ஆகும்போது வருவது ஒழுங்கான டிக் அல்ல. தாறுமாறாகப் படபடப்பு, இல்லையென்றால் ஒலி முழுக்க அறுந்து மறுபடி வருவது, கிளாக் பிடிபட்டதைக் காட்டும் லாக் விளக்கு மினுக்குவது. சாம்பிள் ரேட்டைக் குறைத்தால் உடனே நின்றுவிடும். கிளாக் பொருந்தாத கோளாறோ 48-லும் வரும், 44.1-லும் வரும். கடிகாரத்தைப் பார்த்து இடைவெளியை எண்ணினால் இரண்டையும் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம், புதுக் கேபிள் வாங்கும் முன்னால்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். டிக் திரும்ப வந்துவிட்டதாம். திரையைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். `Internal`. டெக்கை அணைத்தபோது ஒளி நின்றது, பின்தொடரக் கிளாக் இல்லாததால் இன்டர்ஃபேஸ் தன் சொந்தக் கிரிஸ்டலுக்கு ஓசையில்லாமல் மாறிக்கொண்டது. அடுத்த நாள் டெக்கைப் போட்டபோது அது திரும்பி வரவில்லை. முதலில் டெக்கைப் போட்டு, லாக் விளக்கு நிலையாக எரிவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் திரையில் ஒரு பார்வை பார்த்துப் பதிவைத் தொடங்குங்கள் என்றேன். மூன்று கேபிள்களில் இரண்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.