வாசிப்புக் குறிப்பேடு: கட்டம் நிரம்பினால் போதுமா?

இலக்கியம் முதலான மனிதவியல் பாடங்களில் மாணவர்கள் எழுதித் தரும் வாசிப்புக் குறிப்பேடுகளை வரிசையாகப் படித்தால் ஒரே மாதிரியான வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். "இந்த வரி என் மனதைத் தொட்டது." "ஆசிரியர் ஏன் இப்படி எழுதினார்?" "இது இன்றைய வாழ்க்கைக்கும் பொருந்துகிறது." மேற்கோள், கேள்வி, தொடர்பு என்று கொடுத்த மூன்று கட்டங்களும் நிரம்பியிருக்கும். ஆனால் தலைப்பை மறைத்துவிட்டுப் படித்தால் எந்தப் பனுவலைப் பற்றியது என்று சொல்ல முடியாது.

இதை மாணவரின் சோம்பலாக எண்ணிவிடுகிறோம். பல ஆண்டுகளாக இந்தத் தாள்களை வகுப்பில் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறை பெரும்பாலும் படிவத்தில்தான் இருக்கிறது. "பிடித்த மேற்கோள்" என்று கேட்டால், பிடித்திருக்கிறது என்பதைத் தவிர மாணவர் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. பனுவலுக்குள் திரும்பிப் போகாமல் பதில் எழுத முடியாதபடி கேள்வியை அமைப்பதுதான் படிவம் தயாரிப்பவரின் வேலை. அதை ஒரு பாட்டைக் கொண்டு காட்டுகிறேன். எல்லாருக்கும் முதல் வரி தெரிந்த பாட்டாக இருந்தால் நல்லது என்பதால் புறநானூற்றின் 192ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன், கணியன் பூங்குன்றனாருடையது.

மேற்கோள் கட்டத்தில் "பிடித்த வரி எது?" என்று கேட்டால் வகுப்பில் ஏறத்தாழ எல்லாரும் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்றுதான் எழுதுவார்கள். அந்த வரியை அவர்கள் பாட்டில் கண்டெடுக்கவில்லை, ஏற்கெனவே தெரிந்ததை எழுதுகிறார்கள். மீதிப் பன்னிரண்டு வரிகளைப் படித்தார்களா என்பது அந்தப் பதிலிலிருந்து தெரியாது. ஆகவே நான் இப்படி மாற்றிக் கேட்கிறேன்: "இரண்டு இடங்களைக் குறியுங்கள். ஒன்று, பனுவலின் கருத்து நிற்பதற்கு ஆதாரமான இடம். மற்றொன்று, உங்களைத் தயங்க வைத்த இடம். இரண்டும் பனுவலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வர வேண்டும்."

இந்தக் கேள்விக்கு முதல் வரியை எழுதிய மாணவரும் இரண்டாவது மேற்கோளுக்காகப் பாட்டின் பின்பகுதிக்குப் போயாக வேண்டும். அங்கே மலையாற்று வெள்ளத்தில் நீரின் போக்கிலே போகும் புணை, அதாவது தெப்பம், இருக்கிறது. அதற்குப் பிறகு, "மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று பாட்டு முடிகிறது. பெரியோரை வியக்காததற்கும் சிறியோரை இகழாததற்கும் புணை உவமைதான் காரணமாகச் சொல்லப்படுகிறது என்பதை மாணவர் தானே கண்டுகொள்வார். முதல் வரியை மட்டும் எழுதியவருக்கு இந்தக் காரணத் தொடர் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

கட்டத்தின் அளவும் ஒரு கட்டளைதான். மேற்கோளுக்குப் பெரிய கட்டம் விட்டால் மாணவர் வரிவரியாகப் படியெடுப்பார். நான் இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையாகத் தாளைப் பிரிக்கிறேன். இடப்பக்கம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே மேற்கோளும் பக்க எண் அல்லது வரி எண்ணும் மட்டும். வலப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே மாணவரின் சொற்கள். மேற்கோளுக்கு இருபது சொற்கள் என்று மேல்வரம்பு வைத்தால், எந்த இருபது சொற்கள் என்று தேர்ந்தெடுக்கும்போதே பாதி வாசிப்பு நடந்துவிடுகிறது. ஒரு பக்கம் பனுவல், எதிர்ப்பக்கம் நம் எண்ணம் என்ற இந்த இரட்டைப் பத்தி முறையை எழுத்துப் பயிற்சியில் வலியுறுத்தியவர்களில் அமெரிக்கப் பேராசிரியர் ஆன் பெர்தாஃப் முக்கியமானவர். எழுதிய குறிப்பையே மீண்டும் படித்து அதற்கும் பதில் எழுத வேண்டும் என்பது அவருடைய முறையின் உயிர்ப்பகுதி. கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும் படிவங்களே அதிகம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

வலப்பக்கத்தில் "ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்க வேண்டாம். அதற்கு வருவது பாராட்டுரை. "இந்த வரியை நீக்கிவிட்டால் பனுவலில் எது விழும்?" என்று கேளுங்கள். புணை வரிகளை நீக்கிப் பார்க்கும் மாணவர், கடைசி இரண்டு வரிகள் காரணமில்லாத அறிவுரையாக நிற்பதைக் காண்பார்.

கேள்விக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, பெரும்பாலான படிவங்களில் மிகவும் நலிந்திருப்பதும் அதுதான். "உங்கள் கேள்விகளை எழுதுக" என்றால் இரண்டு வகைதான் வரும்: அகராதியைப் பார்த்தால் தீர்ந்துவிடும் சொற்பொருள் ஐயம், அல்லது எந்தப் பனுவலுக்கும் பொருந்தும் பொதுக் கேள்வி. சொற்பொருள் ஐயம் தேவையானதுதான், அதற்கு ஒரு வரி தனியாக ஒதுக்குங்கள். அதன் கீழே இதைக் கேளுங்கள்: "பனுவலுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு இடங்களைக் காட்டி, அவற்றுக்கு நடுவில் எழும் கேள்வியை எழுதுங்கள்."

நம் பாட்டில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இரண்டாம் வரி "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்கிறது. அதாவது, நமக்கு வருவதற்குப் பிறர் காரணம் இல்லை. ஒன்பதாம், பத்தாம் வரிகளிலோ நீர்வழிப் போகும் புணைபோல நம் உயிர் முறைவழிப் போகிறது. அந்த முறையை ஊழ் என்று உரைகாரர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் புணைக்குத் துடுப்பு உண்டா, இல்லையா? நமக்கு வருவதற்கு நாமே பொறுப்பு என்று பாட்டு சொல்கிறதா, யாரும் பொறுப்பில்லை என்கிறதா? ஊழ் என்பதே நம் பழைய வினையின் பயன் என்று ஒருவர் பதில் சொல்லலாம். ஆனால் அதைப் பாட்டு தன் வாயால் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் பேச இது ஒன்றே போதும். இன்னொரு மாணவர் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளலாம்: வியப்பதும் இகழ்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்றால், சிறியோரை இகழ்வதை மட்டும் ஏன் ஒரு படி கூடுதலாக விலக்குகிறார்? பாட்டைப் படிக்காதவரால் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்க முடியாது. நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் சோதனை அதுதான்.

தொடர்புக் கட்டத்தை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: தன்னோடு, பிற பனுவலோடு, உலகத்தோடு. 1990களின் இறுதியில் எலின் கீன், சூசன் சிம்மர்மன் இருவரின் எழுத்தால் பள்ளிகளில் பரவிய பகுப்பு இது. இளைய மாணவர்களுக்குப் பயன்படும். கல்லூரி நிலையில் மூன்றையும் நிரப்பச் சொன்னால் மூன்றும் மேலோட்டமாகிவிடும். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்குள் இரண்டு கேள்விகளை வையுங்கள்: "எந்த இடத்தில் ஒத்துப்போகிறது? எந்த இடத்தில் பிரிகிறது?"

இரண்டாவது கேள்விதான் தொடர்பைச் சிந்தனையாக்குகிறது. "திருக்குறளிலும் ஊழ் வருகிறது" என்று எழுதிவிட்டு நின்றுவிட முடியாது. 380ஆம் குறள், ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது. 620ஆம் குறள், தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பர் என்கிறது. பூங்குன்றனார் 380ஆம் குறளோடு சிறிது தூரம் வருகிறார், 620ஆம் குறளைத் தொடவே இல்லை. அவர் ஊழிலிருந்து முயற்சியை நோக்கிப் போகாமல் மனிதரை மனிதர் எப்படிப் பார்ப்பது என்ற இடத்துக்குப் போகிறார். பிரியும் இடத்தை எழுதிய மாணவருக்குக் கட்டுரைக்கான வாதம் கையில் கிடைத்துவிடுகிறது.

தன் வாழ்வோடு தொடர்புபடுத்துவதைக் கட்டாயமாக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். இழப்பு, வன்முறை, பாகுபாடு பற்றிய பனுவல்களில் அந்தக் கட்டம் மாணவரின் ஆறாத காயத்தை மதிப்பெண்ணுக்காகக் கேட்பதாகிவிடும். படிவத்திலேயே, "சொந்த வாழ்வைப் பற்றி எழுத வேண்டியதில்லை. எழுதினால் இதை யார் படிப்பார்கள் என்பது மேலே குறிக்கப்பட்டுள்ளது" என்று அச்சிடுங்கள். ஆசிரியர் மட்டும் படிப்பாரா, குழுவில் பகிரப்படுமா என்பது எழுதத் தொடங்கும் முன்பே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, பெரும்பாலும் விட்டுப்போகும் அந்தக் கடைசிக் கட்டம். தாளின் அடியில் நான்கு வரி வெற்றிடம் விட்டு, "வகுப்புக்குப் பிறகு, வேறு நிற மையில்: மேலே எழுதியதில் எதை இப்போது மாற்றுவீர்கள்?" என்று போடுங்கள். நிறம் மாறினால் வகுப்புக்கு முன் நினைத்ததும் பின் நினைத்ததும் கலக்காமல் நிற்கும். முதலில் எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது.

எல்லாம் சேர்ந்து ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். என் படிவத்தின் சொற்களை அப்படியே தருகிறேன். வேண்டியவர்கள் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

பனுவல், ஆசிரியர், பதிப்பு, படித்த பகுதி. இதைப் படிப்பவர் யார்.
மேற்கோள் 1: கருத்துக்கு ஆதாரமான இடம் (20 சொற்களுக்குள், பக்கம்/வரி எண்ணுடன்). இதை நீக்கினால் எது விழும்?
மேற்கோள் 2: தயங்க வைத்த இடம், வேறொரு பகுதியிலிருந்து. எந்தச் சொல்லில் நின்றீர்கள்?
கேள்வி 1: தேடித் தெரிந்துகொள்ள வேண்டியது.
கேள்வி 2: ஒட்டாத இரண்டு இடங்களும் அவற்றுக்கு நடுவில் எழும் கேள்வியும்.
தொடர்பு: எதனோடு? எங்கே ஒக்கிறது? எங்கே பிரிகிறது?
வகுப்புக்குப் பின்: எதை மாற்றுவீர்கள்?

பதிப்பைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழம்பாடல்களில் பாடவேறுபாடும் மொழிபெயர்ப்புகளில் சொல் வேறுபாடும் இருக்கும். இரண்டு மாணவர்கள் வெவ்வேறு வரிகளை வைத்துக்கொண்டு வாதிடுவதைப் பதிப்பு விவரம் தடுக்கும்.

படிவம் வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளங்கள் தெளிவாகவே தெரியும். மேற்கோள்கள் எல்லாம் பனுவலின் முதல் பக்கத்திலிருந்தே வருகின்றன. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட நீளமாக இருக்கிறது. பிரியும் இடம் என்ற வரி காலியாக விடப்படுகிறது. ஒரு வகுப்பில் பலரும் ஒரே வரியைக் காலியாக விட்டால் அந்தக் கேள்வியின் சொற்களைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் விட்டிருந்தால் அவரிடம் பேசுங்கள்.

எல்லாப் பனுவலுக்கும் இதே தாள் பொருந்தாது. வாதக் கட்டுரைக்கு "தயங்க வைத்த இடம்" என்பதை "ஆசிரியர் சான்று தராமல் கடந்துபோகும் இடம்" என்று மாற்றுவேன். நீண்ட நாவலுக்கு அத்தியாயந்தோறும் ஒரு தாள் கேட்டால் வாசிப்பே அறுந்துவிடும். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலுமாக மூன்று தாள்கள் போதும். மதிப்பெண்ணைக் கருத்தின் சரி தவறுக்கு வைக்காமல், இடம் சுட்டப்பட்டிருக்கிறதா, கேள்வி 2 இந்தப் பனுவலுக்கே உரியதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பருவத்தின் பிற்பகுதியில், கட்டங்கள் இல்லாத வெறும் தாளிலேயே ஒட்டாத இடங்களைத் தேடி எழுதும் மாணவர்கள் தென்படுவார்கள். அவர்களுக்குப் படிவத்தை நிறுத்திவிட்டுக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.