பிஎம் முடிஞ்சதுன்னா என்ன முடிஞ்சது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க. "எங்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட் டாக்டர், இன்ஜினியர், கணக்குப் பிரிவுன்னு எல்லாருக்கும் போகுது. சுருக்கெழுத்தெல்லாம் பார்த்துப் பார்த்து விரிச்சு எழுதுறேன், ஆனா படிக்கிறவங்க எங்கேயோ முழிக்கிறாங்க. என் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

மாதிரிக்கு நானே ஒரு பத்தி எழுதிக்கிறேன், இந்த மாதிரி ரிப்போர்ட்ல வர்ற நடைதான்.

"ஐசியு ஏஹெச்யு பிஎம் முடிந்தது. ஏசிஹெச் 6லிருந்து 12 ஆனது. 1000 லைன் டேஸுக்கு சிஎல்ஏபிஎஸ்ஐ 4லிருந்து 2 ஆனது. வித்தியாசம் சிக்னிஃபிகண்ட் இல்லை."

எழுதினவர் இதைத் திருப்பிப் படிச்சா ஒண்ணுமே உறுத்தாது. ஏன்னு புரிய 1990ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன் செஞ்ச சோதனையைப் பாருங்க. ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பாட்டை மேஜைல விரலால தட்டணும், எதிர்ல இருக்கறவர் அது என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கணும். தட்டினவங்க பாதிப் பேராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நினைச்சாங்க. 120 தடவைல சரியா வந்தது 3 தான். எனக்கு இந்தச் சோதனைன்னா அவ்ளோ பிடிக்கும், நீங்களே வீட்ல செஞ்சு பாருங்க, தட்டும்போது உங்க மண்டைக்குள்ள மெட்டு, வரி, பின்னணி இசைன்னு முழுப் பாட்டும் ஓடிக்கிட்டே இருக்கும், அதை நிறுத்தவே முடியாது, எதிர்ல இருக்கறவருக்கோ டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் அவ்ளோதான், "இதுகூடத் தெரியலையா"ன்னு உங்களுக்குக் கோபமே வரும்.

சிஎல்ஏபிஎஸ்ஐன்னு எழுதினவர் நிலைமையும் அதேதான். நிறைய தடவை பார்த்துப் பழகின எழுத்துக்கூட்டத்தை மூளை ஒரே பொட்டலமா கட்டி வச்சிடும், கண்ணு பட்ட உடனே அர்த்தம் தானா விரிஞ்சிடும். பேப்பர்ல ஆறெழுத்துதான் இருக்குங்கறதை அவரால உணரவே முடியாது. அதனால "இன்னும் கவனமா படிங்க"ன்னு சொல்றது வீண், கவனக்குறைவு இங்க பிரச்சினையே இல்ல. வெளியிலிருந்துதான் ஏதாவது கொண்டு வரணும்.

ரிப்போர்ட் ஆங்கிலத்துல இருந்தா முதல் வேலையை கம்ப்யூட்டர்கிட்ட தள்ளிடலாம். ரிப்போர்ட்டை report.txtன்னு வெறும் டெக்ஸ்ட் ஃபைலா சேமிச்சு, லினக்ஸ் இல்லைன்னா மேக் டெர்மினல்ல இந்தக் கமாண்டைக் கொடுங்க, ரெண்டு பெரிய எழுத்தாவது இருக்கற சொல்லையெல்லாம் பொறுக்கி, எத்தனை தடவை வருதுன்னு எண்ணிக் காட்டும்:

```
grep -oE '[A-Za-z0-9]*[A-Z][A-Za-z0-9]*[A-Z][A-Za-z0-9]*' report.txt | sort | uniq -c | sort -n
```

eGFR, HbA1c மாதிரி சின்னதும் பெருசும் கலந்ததும் மாட்டும், pH மாதிரி ஒரே ஒரு பெரிய எழுத்து இருக்கறது தப்பிச்சிடும். பட்டியலோட தலைப்பைத்தான் முதல்ல பாருங்க, அங்க ஒரே ஒரு தடவை வர்றது நிக்கும். ஒரு தடவைதான் வருதுன்னா அதுக்கு சுருக்கெழுத்தே எதுக்கு, முழுசா எழுதிட்டுப் போகலாம். தமிழ் ரிப்போர்ட்டா இருந்தா இந்த வித்தை செல்லாது, நம்ம எழுத்துல பெருசு சின்னது கிடையாதே. "ஏசிஹெச்" சாதாரண சொல் மாதிரியே வரிசைல உட்கார்ந்திருக்கும், பேனா எடுத்துத்தான் தேடணும்.

இதுவரைக்கும் சுலபம். தெரியாத சுருக்கெழுத்து நல்ல பிள்ளை, படிக்கிறவர் அங்கேயே நின்னு "இது என்ன"ன்னு கேட்டுடுவார். தெரிஞ்ச மாதிரி இருக்கறதுதான் ஆபத்து.

பிஎம்மை எடுத்துக்கோங்க. இன்ஜினியருக்கு அது பழுது வர்றதுக்கு முன்னாடியே செய்ற பராமரிப்பு. டாக்டருக்கு போஸ்ட்மார்ட்டம். ஏசிஹெச் இன்ஜினியருக்கு ஒரு ரூமோட மொத்தக் காத்தும் ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை மாறுதுங்கற கணக்கு, 12ன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. வங்கிப் பணப் பரிமாற்றம் பார்க்கிற சிலருக்கு அதே மூணு எழுத்து வேற ஒரு ஏற்பாடு. யாருமே முழிக்க மாட்டாங்க, ஆளுக்கொரு அர்த்தத்தோட தலையாட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவாங்க. ஆராய்ச்சிக் கட்டுரைகள்லயும் இதே கதைதான். 2020ல வந்த ஒரு ஆய்வு 2.4 கோடி கட்டுரைத் தலைப்புகளையும் 1.8 கோடி கட்டுரைச் சாரங்களையும் அலசிப் பார்த்துச்சு. அதுல கிடைச்ச சுமார் 11 லட்சம் சுருக்கெழுத்துல 79 சதவீதம் பத்து தடவைகூட வரல. இன்னொரு பக்கம் யுஏங்கற ரெண்டெழுத்துக்கு மருத்துவத்துல மட்டும் 18 அர்த்தம்.

அடுத்தது இன்னும் நைசானது, சாதாரணச் சொல் வேஷத்துல வர்ற துறைச்சொல். "லைன் டேஸ்"ல சுருக்கெழுத்தே இல்ல, எந்த கமாண்டும் பிடிக்காது. இங்க லைன்னா பெரிய ரத்தக்குழாய்ல போட்டிருக்கற சென்ட்ரல் லைன்ங்கற குழாய், ஒரு நோயாளிக்கு அது ஒரு நாள் இருந்தா ஒரு லைன் டே. பத்து பேருக்கு அஞ்சு நாள் இருந்தா அம்பது. சிஎல்ஏபிஎஸ்ஐயை "சென்ட்ரல் லைன் மூலமா வர்ற ரத்தத் தொற்று"ன்னு விரிச்சுட்டாலும் லைன் என்னன்னு சொல்லாத வரைக்கும் கணக்குப் பிரிவுக்கு ஒண்ணும் கிடைக்கல. விரிக்கிறது வேற, விளக்குறது வேற.

கடைசி வரி இருக்கே, அதுதான் உச்சம். தொற்று பாதியா குறைஞ்சிருக்கு, அது "சிக்னிஃபிகண்ட் இல்லை"ன்னா நிர்வாகி என்ன நினைப்பார்? முக்கியமில்லாத விஷயம்னுதானே? புள்ளியியல்ல அந்தச் சொல்லுக்கு முக்கியம்ங்கற அர்த்தமே இல்ல. ரெண்டு காலத்துலயும் 1000 லைன் டேஸ்னே வச்சுக்குவோம், மொத்தம் 6 தொற்று, 4 முன்னாடி, 2 பின்னாடி. உண்மைல எதுவும் மாறலைன்னா ஒவ்வொரு தொற்றும் எந்தப் பக்கம் விழும்ங்கறது நாணயம் சுண்டுற மாதிரி. ஆறு நாணயம் சுண்டினா சரிபாதியா 3-3 விழறது 64ல 20 தடவைதான். மிச்ச 44 தடவையும், அதாவது நூத்துக்கு 69, 4-2 இல்லைன்னா அதைவிட ஏறுமாறாத்தான் விழும். அதனால இந்தக் குறைவு தற்செயலாவும் வந்திருக்கலாம், பலன் இருக்கா இல்லையான்னு சொல்ல 6 தொற்று பத்தாது, அவ்ளோதான் அந்த வரி சொல்றது. பலனே இல்லைன்னும் அது சொல்லல.

இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலும் ஒரு ஆளைக் கூப்பிட்டு "புரியாததை அடிக்கோடு போடுங்க"ம்பாங்க. பிஎம், லைன், சிக்னிஃபிகண்ட் மூணுமே இதுல தப்பிச்சிடும், ஏன்னா அவருக்கு அது புரிஞ்சதாத்தான் தோணுது. போதாக்குறைக்கு தெரியலைன்னு காட்டிக்க நிறைய பேருக்குக் கூச்சம். அதனால கேள்வியை மாத்துங்க. ஒவ்வொரு பிரிவுலயும் ஒருத்தர்கிட்ட ஒரு பத்தியைக் கொடுத்து, "பார்க்காம உங்க வார்த்தைல இதை எனக்குச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. ரெண்டு பேர் சொல்றது எங்க வேறயா போகுதோ அங்கதான் உங்க சொல் இருக்கு. நடுவுல குறுக்கிட்டு விளக்காதீங்க, விளக்கிட்டா அவரும் மெட்டைக் கேட்டுட்டார்னு அர்த்தம், அதே பத்திக்கு அவர் இனிமே உதவ மாட்டார், அடுத்த சுத்துக்குப் புது ஆள் வேணும்.

மாதிரிப் பத்தியை நான் இப்படி மாத்துவேன்: "தீவிர சிகிச்சைப் பிரிவின் காற்றோட்ட இயந்திரத்துக்கு வழக்கமான பராமரிப்பு முடிந்தது. அறையின் காற்று முன்பு மணிக்கு 6 முறை மாறியது, இப்போது 12 முறை. ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் இருக்கும் நோயாளிகளிடம் ரத்தத் தொற்று 4லிருந்து 2 ஆனது (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் என எண்ணி, 1000 நாளுக்கு). எண்ணிக்கை சிறியது என்பதால் இது தற்செயலா உண்மையான குறைவா என இன்னும் சொல்ல முடியாது." ரெண்டு மடங்குக்கு மேல நீளம்தான், டாக்டருக்கு முதல் வரியிலயே கொட்டாவி வரும். வரட்டும், பிஎம் முடிஞ்சதுன்னா யார் செத்ததுன்னு அவர் கேட்காம இருந்தா சரி.